புலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் எவ்வளவு? அளவையும் பரப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் 1:1000 என்று மட்டும் போட்டிருக்கிறது. இது மீட்டரா, அடியா?

இரண்டும் இல்லை. அது அலகே இல்லாத விகிதம். பள்ளிப் புத்தகத்தில் இதைப் பிரதி பின்னம் என்று படித்திருப்பீர்கள். படத்தில் எந்த அலகில் அளக்கிறீர்களோ, நிலத்தில் அதே அலகில் ஆயிரம் மடங்கு. படத்தில் 1 செ.மீ. என்றால் நிலத்தில் 1000 செ.மீ., அதாவது 10 மீட்டர். அங்குல ஸ்கேல்தான் கையில் இருக்கிறதா? 1 அங்குலத்துக்கு 1000 அங்குலம், அதாவது 83 அடி 4 அங்குலம்.

கணக்கு குழம்புவது பெரும்பாலும் நடுவில் அலகு மாறும்போதுதான். படத்தில் சென்டிமீட்டரில் அளந்து, ஆயிரத்தால் பெருக்கி, வந்த விடையை மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் அளக்கத் தொடங்கும் முன்பே அளவையை ஒரு வாக்கியமாக மாற்றி, தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். வலப்பக்க எண்ணில் கடைசி இரண்டு பூஜ்யங்களை அடித்துவிட்டால், 1 செ.மீ.க்கு எத்தனை மீட்டர் என்பது கிடைத்துவிடும். 1:1000 என்றால் 10 மீட்டர், 1:2000 என்றால் 20 மீட்டர், இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படம் என்றால் 500 மீட்டர். நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்பதால்தான் இரண்டு பூஜ்யம் போகிறது, வேறு சூட்சுமம் இல்லை.

என் புலப்படம் 1:1000. ஸ்கேல் வைத்து அளந்தால் மனை 4.2 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். எத்தனை சென்ட் இருக்கும்?

நீளம் 42 மீட்டர், அகலம் 30 மீட்டர். பெருக்கினால் 1260 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். வகுத்தால் சுமார் 31.1 சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்குமே, அந்தக் கணக்கில் 12.6 ஏர், அதாவது 0.126 ஹெக்டேர்.

நான் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் நிலத்து நீளமாக மாற்றினேன், அப்புறம்தான் பெருக்கினேன். புதிதாகப் பழகுகிறவர்கள் எப்போதும் இந்த வரிசையிலேயே செய்யுங்கள். படத்திலேயே பரப்பைக் கண்டுபிடித்துவிட்டு அதை மாற்றப் போனால்தான் அடுத்த கேள்வி வருகிறது.

நான் 4.2-ஐயும் 3-ஐயும் பெருக்கி 12.6 சதுர செ.மீ. எடுத்தேன். அதை 1000-ஆல் பெருக்கினால் 12,600 சதுர செ.மீ., அதாவது 1.26 சதுர மீட்டர்தான் வருகிறது. எங்கே தப்பு?

1.26 சதுர மீட்டர் என்பது ஒரு ஆள் படுக்கும் கட்டில் அளவு. உங்கள் மனை அவ்வளவுதானா என்று ஒரு கணம் யோசித்தாலே தப்பு தெரிந்துவிடும். உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. ஆயிரத்தால் ஒரு தடவை பெருக்கினீர்கள், இரண்டு தடவை பெருக்க வேண்டும்.

ஏன் என்பதைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு கட்டத்தைப் பென்சிலால் நிரப்புங்கள். இப்போது அதே சதுரத்தை மூன்று மடங்கு பெரிதாக வரையுங்கள். கிடையாக மூன்று கட்டம் போகும். ஆனால் அந்த மூன்றோடு நிறுத்தினால் அது சதுரம் இல்லை, ஒரு பட்டை. சதுரமாக வேண்டுமென்றால் அந்த மாதிரி மூன்று வரிசை வேண்டும். ஆக ஒன்பது கட்டம். பக்கம் மூன்று மடங்கு, பரப்பு மூன்று மூன்றாக ஒன்பது மடங்கு.

1:1000 படத்திலும் இதுதான் நடக்கிறது. படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்ற சின்னக் கட்டம், நிலத்தில் கிடையாக ஆயிரம் மடங்கு நீள்கிறது. குத்தாகவும் ஆயிரம் மடங்கு நீள்கிறது. ஆயிரம் கட்டம் கொண்ட வரிசை ஆயிரம். மொத்தம் 10 லட்சம் சதுர செ.மீ. அதை மீட்டரில் சொன்னால் 10 மீட்டருக்கு 10 மீட்டர், 100 சதுர மீட்டர், சரியாக ஒரு ஏர். உங்கள் 12.6 சதுர செ.மீ. அதனால்தான் 12.6 ஏர். 1:1000 அளவையின் வசதியே இதுதான். படத்தில் எத்தனை சதுர சென்டிமீட்டரோ, நிலத்தில் அத்தனை ஏர்.

1:2000 படத்தில் அப்படி வராது. அங்கே 1 செ.மீ. என்பது 20 மீட்டர், ஒரு சதுர செ.மீ. 20-க்கு 20, அதாவது 400 சதுர மீட்டர், 4 ஏர். அளவையின் எண் இரட்டிப்பானதற்கு ஒரு கட்டத்துக்குள் அடங்கும் நிலம் நான்கு மடங்கானது. படத்தின் மூலையில் அச்சாகியிருப்பது நீளத்தின் விகிதம் மட்டும்தான். பரப்பின் விகிதத்தை எந்தப் படமும் அச்சடித்துத் தருவதில்லை, அதை நாம்தான் வர்க்கம் போட்டு எடுக்க வேண்டும்.

நிலம் செவ்வகமாக இருந்தால் சரி. கோணல்மாணலான நிலத்துக்கும் ஏரிக்கும் வர்க்கம் பொருந்துமா?

பொருந்தும். எந்த உருவத்தையும் சின்னச் சின்னச் சதுரங்களால் நிரப்பலாம். ஒவ்வொரு சதுரமும் அளவையின் வர்க்க மடங்கு பெரிதாகும்போது, அவற்றின் கூட்டுத்தொகையும் அதே மடங்குதான் ஆகும். ஓரத்தில் வெட்டுப்பட்ட கட்டங்கள் மீதியாகும், ஆனால் கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்த மீதி குறைந்துகொண்டே போகும்.

ஒரு ஏரியை எடுத்துச் செய்து பார்ப்போம். படம் 1:50,000. ஏரியின் நீலக் கரையை டிரேசிங் தாளில் எடுத்து, அதை மில்லிமீட்டர் கிராஃப் தாளின் மேல் வைத்துவிட்டு எண்ணுகிறோம். முழுதாக உள்ளே விழுந்த மில்லிமீட்டர் கட்டங்கள் 138 என்று வையுங்கள். கரைக்கோடு வெட்டிக்கொண்டு போகும் கட்டங்கள் 44. வெட்டுப்பட்டவற்றைப் பாதி பாதியாகக் கொள்வது வழக்கம். சில கட்டத்தில் முக்கால் இருக்கும், சிலவற்றில் கால் இருக்கும், மொத்தத்தில் ஈடாகிவிடும். ஆக 138-உடன் 22 சேர்த்து 160 சதுர மி.மீ.

இந்த அளவையில் 1 மி.மீ. என்பது 50 மீட்டர். ஒரு சதுர மி.மீ. என்பது 50-க்கு 50, அதாவது 2500 சதுர மீட்டர், கால் ஹெக்டேர். 160 கட்டத்துக்கு 40 ஹெக்டேர். ஏக்கரில் ஏறக்குறைய 99. இங்கே 160-ஐ 50-ஆல் ஒரு தடவை மட்டும் பெருக்கியிருந்தால் 8000 சதுர மீட்டர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஏரி குட்டையாகச் சுருங்கியிருக்கும். பரப்பு கணக்கில் வர்க்கம் விட்டுப்போனால் விடை கொஞ்சம் தவறாக வராது, இந்த மாதிரி ஐம்பது மடங்கு, ஆயிரம் மடங்கு தவறாகத்தான் வரும். ஊர் ஏரியை நேரில் பார்த்த கண்ணுக்கு அது உடனே உறுத்த வேண்டும்.

1 கி.மீ. 1000 மீட்டர்; அப்படியானால் 1 சதுர கி.மீ. 1000 சதுர மீட்டர்தானே?

இல்லை, 10 லட்சம் சதுர மீட்டர், 100 ஹெக்டேர். இதுவும் அதே வர்க்கம்தான். ஒரு மீட்டர் 3.28 அடியாக இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடியாவதும் இதனால்தான்.

இணையத்தில் எடுத்த புலப்படத்தை அச்சடித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். பட்டாவில் உள்ளதைவிடக் குறைவாக வருகிறது. யாராவது நிலத்தைக் குறைத்துவிட்டார்களா?

சண்டைக்குப் போகும் முன் அச்சடித்த தாளைச் சந்தேகப்படுங்கள். எனக்கு வரும் பத்துப் புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

1:1000 என்ற எழுத்து, மூலப்படம் எந்த அளவில் வரையப்பட்டதோ அந்த அளவுக்குத்தான் உண்மை. ஏ3 தாளில் இருந்த படத்தை நகல் கடையில் ஏ4-க்குச் சுருக்கினால் நீளங்கள் 71 சதவீதமாகும். ஆனால் மூலையில் அச்சாகியிருக்கும் 1:1000 என்ற எழுத்து அப்படியே இருக்கும். நாம் மேலே பார்த்த மனை அந்த நகலில் 2.97 செ.மீ.க்கு 2.12 செ.மீ. ஆகிவிடும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் 29.7 மீட்டருக்கு 21.2 மீட்டர், அதாவது சுமார் 630 சதுர மீட்டர், 15.6 சென்ட். நீளம் நூற்றுக்கு 29 குறைந்தது, பரப்பு சரியாகப் பாதியாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்படி ஒரு நகலை வைத்துக்கொண்டு, பங்காளி பாதி நிலத்தை எழுதிக்கொண்டார் என்று என்னிடம் வந்து நின்றார். பட்டாவை வைத்துப் பார்த்தால் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

பாதியானால் பரவாயில்லை, யாருக்காவது சந்தேகம் வரும். கணினியில் அச்சடிக்கும்போது `Fit` என்று இருந்தால் படம் 97 சதவீதமாகச் சுருங்கலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 0.97-இன் வர்க்கம் 0.94. உங்கள் 31.1 சென்ட் 29.3 சென்டாகக் காட்டும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் ஒன்றரை, இரண்டு சென்ட் வித்தியாசத்தை ஆக்கிரமிப்பு என்று யாரும் நம்பிவிடுவார்கள். அச்சடிக்கும்போது `Actual size` என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தாள் சுருங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. புலப்படத்தில் கோடுகளின் மேல் நிலத்து அளவு மீட்டரில் எழுதியிருக்கும். நீளமான ஒரு கோட்டை எடுத்து ஸ்கேல் வையுங்கள். 42.0 என்று எழுதிய கோடு 4.2 செ.மீ. இருந்தால் தாள் சரி. 2.97 செ.மீ. இருந்தால், 4200 செ.மீ.யை 2.97-ஆல் வகுங்கள்: 1414. உங்கள் கையில் இருக்கும் தாளின் உண்மையான அளவை 1:1414. குறுக்காக ஒரு கோடு, நெடுக்காக ஒரு கோடு என்று இரண்டையும் சோதியுங்கள். பழைய தாள் ஈரத்தில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுத்துக்கொண்டிருக்கும்.

படத்தின் கீழே கோடு போட்டு 0, 20, 40 என்று பிரித்த கோட்டு அளவை இருந்தால் இன்னும் நல்லது. தாளோடு சேர்ந்து அந்தக் கோடும் சுருங்குவதால் அது பொய் சொல்லாது. தாளின் ஓரத்தை நிலத்தின் பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொண்டு, அதைக் கோட்டு அளவைமேல் கொண்டுபோய் வைத்துப் படித்துவிடலாம்.

இன்னொன்று. கோட்டின் மேல் எழுதிய எண் நிலத்தில் சங்கிலியோ நாடாவோ பிடித்து அளந்தது. ஸ்கேல் வைத்து நீங்கள் எடுப்பது அந்த அளவின் நிழல். இரண்டும் மாறுபட்டால் எழுதிய எண்ணைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும்.

அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் அவ்வளவு பெரிய வித்தியாசமா வரும்?

அதே மனையில் பார்ப்போம். 1:1000-இல் அரை மி.மீ. என்பது அரை மீட்டர். நீளத்தில் அரை மீட்டர் கூடினால், 30 மீட்டர் அகலத்துக்கு அது ஓடும்: 15 சதுர மீட்டர். அகலத்தில் அரை மீட்டர் கூடினால், 42 மீட்டர் நீளத்துக்கு ஓடும்: 21 சதுர மீட்டர். மொத்தம் 36 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 0.9 சென்ட், 387 சதுர அடி. ஒரு சின்ன அறையும் வராந்தாவும் கட்டும் இடம்.

நன்றாகச் சீவிய பென்சில் கோடே கால் மி.மீ. தடிமன் இருக்கும். கோட்டின் உள் ஓரத்தில் அளந்தவருக்கும் வெளி ஓரத்தில் அளந்தவருக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒரு சென்ட் மாறுபட்டால் யாரும் பொய் சொல்லவில்லை. நீளத்தில் வரும் சதவீதப் பிழை பரப்பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரு சதவீதம் தவறினால் பரப்பில் இரண்டு சதவீதம்.

1:50,000 படத்தில் அதே அரை மி.மீ. 25 மீட்டர். அந்தப் படத்தில் சாலைக்குப் போட்ட கோட்டின் தடிமனை அளந்து சாலை அகலம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தத் தடிமன் கண்ணுக்குத் தெரிவதற்காகப் போட்டது, அளவைக்குக் கட்டுப்பட்டது அல்ல.

அளவை எழுதியிருந்த மூலை கிழிந்துவிட்டது. நிலத்தின் பரப்பு மட்டும் தெரியும். அளவையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வர்க்கத்தைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். பட்டாவில் அந்தப் புல எண்ணுக்கு 0.50 ஹெக்டேர், அதாவது 5000 சதுர மீட்டர் என்று இருக்கிறது. படத்தில் கட்டம் எண்ணினால் 12.5 சதுர செ.மீ. வருகிறது. வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 400 சதுர மீட்டர். இப்போது 1:400 என்று எழுதிவிடாதீர்கள். 400-இன் வர்க்கமூலம் 20. ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர், ஆக அளவை 1:2000.

சோதனையாக, அளவு எழுதிய ஒரு கோடு மிஞ்சியிருந்தால் அதையும் ஒத்துப் பாருங்கள். வேறு உட்பிரிவின் பரப்பைத் தவறி எடுத்திருந்தால் 1:1730 மாதிரி யாரும் வரையாத ஒரு அளவை வரும்.

தாத்தா காலத்து கிராமப் படத்தில் 16 அங்குலம் = 1 மைல் என்று இருக்கிறது. அதிலிருந்து ஏக்கர் எப்படி எடுப்பது?

மீட்டருக்கு மாற்ற வேண்டாம், சங்கிலிக் கணக்கிலேயே போங்கள், அழகாக வரும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் 1620 வாக்கில் வகுத்த அளவு இது. 80 சங்கிலி ஒரு மைல். 80-ஐ 16-ஆல் வகுத்தால் படத்தில் ஓர் அங்குலத்துக்கு 5 சங்கிலி. ஒரு சதுர அங்குலத்துக்கு 25 சதுர சங்கிலி. 10 சதுர சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால், ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர்.

பழைய புலப்படத்தில் அளவு லிங்கில் இருந்தாலும் கவலை இல்லை. நீளத்தையும் அகலத்தையும் லிங்கில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சென்ட். 200 லிங்குக்கு 150 லிங்க் என்றால் 30,000 சதுர லிங்க், 30 சென்ட். ஒரு சங்கிலிக்கு 100 லிங்க் என்பதால் ஒரு சதுர சங்கிலிக்கும் 100 சதுர லிங்க்தான் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நூறு மடங்கு புரளும். அது 10,000.

உலகப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அளவையை வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக வருமா?

வராது. கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ., இந்தியா 32.9 லட்சம். நாம் பார்த்த புலப்படமும் ஏரிப் படமும் சின்ன இடத்தைக் காட்டுபவை, அதனால் படம் முழுக்க ஒரே அளவை பொருந்தும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த மெர்கேட்டர் படத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அளவை மாறிக்கொண்டே போகிறது. 60 பாகை அட்சரேகையில் எல்லா நீளமும் இரண்டு மடங்கு இழுபட்டிருக்கும், பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்தின் நடுப்பகுதி 72 பாகை வாக்கில் இருக்கிறது. அங்கே நீளம் 3.2 மடங்கு, பரப்பு பத்து மடங்கு. கைபேசிப் படத்திலும் பெரும்பாலும் இதே விரிப்புதான். அதனால் திரையின் ஓரத்தில் உள்ள கோட்டு அளவையை நீங்கள் பார்க்கும் இடத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மலையில் படத்து தூரமும் நடந்த தூரமும் ஒத்துப்போவதே இல்லையே?

படம் மேலிருந்து நேராகப் பார்த்தது. அதில் உள்ளது கிடைமட்ட தூரம் மட்டும். சாலை என்றால் வளைவும் சேரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் 1:50,000 படத்தில் அப்படியே வரைய இடம் இருக்காது, நெருங்கிய வளைவுகள் நீவி வரையப்பட்டிருக்கும். நூல் வைத்து அளந்தாலும் குறைவாகத்தான் வரும்.

வளைவே இல்லாத சரிவிலும் வித்தியாசம் உண்டு. 30 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்து 100 மீட்டர் அளந்தால், படத்தில் அது 86.6 மீட்டர்தான்.

பரப்புக்கு வரும்போது இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. இவ்வளவு நேரம் வர்க்கம் வர்க்கம் என்று சொன்ன பழக்கத்தில் 0.866-ஐயும் வர்க்கம் போட்டுவிடக் கூடாது. அந்தச் சரிவில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் ஒரு காப்பித் தோட்டம் இருந்தால், மேலிருந்து கீழே இறங்கும் பக்கம் மட்டும்தான் படத்தில் சுருங்குகிறது. சரிவுக்குக் குறுக்கே போகும் பக்கம் சமமாகவே இருக்கிறது, அது 100 மீட்டராகவே நிற்கும். ஆகவே படத்தில் பரப்பு 8660 சதுர மீட்டர், 7500 அல்ல. இரண்டு திசையும் ஒரே மடங்கில் மாறினால்தான் வர்க்கம் வரும். பட்டாவில் ஏறுவதும் இந்தக் கிடைமட்டப் பரப்புதான், ஆனால் உரமும் வேலியும் வாங்கும்போது தரையோடு அளந்த கணக்கைப் பாருங்கள்.